ஐயாயிரம் பாக்கிக்கு இரண்டாயிரம் வட்டி: கிரெடிட் கார்டு ஒப்பந்தத்தைப் படிப்பது எப்படி?

புதிய கிரெடிட் கார்டு வந்ததும் உறையைப் பிரித்துக் கார்டை எடுத்து பர்ஸில் வைத்துக்கொள்கிறோம். கூட வந்த புத்தகம் மேசை இழுப்பறைக்குப் போய்விடுகிறது. மின்னஞ்சலில் வந்திருந்தால் அதைத் திறப்பதுகூட இல்லை. ஆனால் கார்டை முதல்முறை பயன்படுத்தியவுடனே அந்தப் புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு வரியும் நம்மைக் கட்டுப்படுத்தத் தொடங்கிவிடும்.

முழு ஒப்பந்தம் பல பக்கம் நீளும். அதை முழுதாகப் படிக்கச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது. அதற்காகத்தான் ரிசர்வ் வங்கி இரண்டு சுருக்கமான ஆவணங்களைக் கட்டாயமாக்கியிருக்கிறது. விண்ணப்பத்தோடு தரவேண்டிய ஒரு பக்கக் குறிப்பில் வட்டி விகிதமும் கட்டணங்களும் இருக்கும். இன்னொன்று எம்.ஐ.டி.சி. என்று வங்கிக்காரர்கள் சொல்லும் முக்கிய விதிமுறைகள். வட்டியை எப்படிக் கணக்கிடுகிறார்கள், தாமதக் கட்டணம் எவ்வளவு, தகராறு வந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். வங்கியின் இணையதளத்திலும் கிடைக்கும். படிப்பதற்கு நேரம் குறைவு என்றால், அதில் வட்டிக் கணக்குக்குக் கொடுத்திருக்கும் உதாரணத்தை மட்டுமாவது படியுங்கள். பணம் அதிகமாகக் கரைவது அந்த இடத்தில்தான்.

கட்டணங்கள்

சேர்க்கைக் கட்டணமும் ஆண்டுக் கட்டணமும் எல்லோருக்கும் தெரியும். வருடத்தில் இவ்வளவு ரூபாய்க்கு மேல் செலவு செய்தால் ஆண்டுக் கட்டணம் தள்ளுபடி என்று சில கார்டுகளில் சொல்வார்கள். அப்படியானால் வாடகை, பெட்ரோல், இ.எம்.ஐ. போன்றவை அந்தச் செலவுக் கணக்கில் சேருமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பல கார்டுகளில் சேராது. 'வாழ்நாள் இலவசம்' என்று கொடுக்கும் கார்டில் மறைமுகக் கட்டணம் எதுவும் இருக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் ஆண்டுக் கட்டணம் இல்லை என்பதால் வட்டியும் தாமதக் கட்டணமும் இல்லை என்று ஆகிவிடாது.

உண்மையில் கனமானது ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கும் கட்டணம். எடுத்த தொகையில் இரண்டரை சதவீதம் அல்லது 500 ரூபாய், இதில் எது அதிகமோ அது என்பது பரவலாகக் காணப்படும் விதி. 10,000 ரூபாய் எடுத்தால் கட்டணம் 500, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 90. பணத்தை எண்ணி முடிப்பதற்குள் 590 ரூபாய் போய்விட்டது. பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லாக் காலம் இதற்குக் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். மாதம் மூன்றரை சதவீதம் என்றால் இருபது நாளுக்கு 230 ரூபாய், அதற்கும் ஜிஎஸ்டி. ஆக, பத்தாயிரத்தை இருபது நாள் வைத்திருந்ததற்கு 860 ரூபாய்க்கு மேல் ஆகிறது. அவசரத்துக்கு அடகுக்கடை வட்டிகூட இதைவிடக் குறைவாக வரும்.

வெளிநாட்டு நாணயத்தில் செலவு செய்தால் மாற்று விகிதத்தின்மேல் ஒரு கூடுதல் சதவீதம் உண்டு. சாதாரணக் கார்டுகளில் அது மூன்றரை சதவீதத்தை ஒட்டி இருக்கும். அதற்கும் ஜிஎஸ்டி உண்டு.

வங்கி இந்தக் கட்டணங்களை நினைத்தபோது உயர்த்திவிட முடியாது. குறைந்தது ஒரு மாதம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். நடந்து முடிந்த செலவுக்குப் புதிய கட்டணத்தைப் போடக்கூடாது. புதிய கட்டணம் பிடிக்கவில்லையென்றால் பாக்கியைக் கட்டிவிட்டு, கூடுதல் கட்டணம் எதுவும் இல்லாமல் கார்டைத் திருப்பித் தரும் உரிமை நமக்கு இருக்கிறது. 'கட்டண மாற்றம்' என்ற தலைப்பில் வரும் மின்னஞ்சலை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

வட்டி எந்த நாளிலிருந்து ஓடுகிறது?

'50 நாள் வரை வட்டி இல்லை' என்பது கார்டு விற்பவர் முதலில் சொல்லும் வாக்கியம். அதில் 'வரை' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பில் தேதி மாதந்தோறும் 10, பணம் கட்டக் கடைசி நாள் 30 என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 11 அன்று வாங்கிய பொருள் ஜூலை 10 பில்லில் வரும், ஜூலை 30க்குள் கட்டலாம். ஆக 49 நாள் கிடைக்கிறது. அதே பில்லில் ஜூலை 10 அன்று வாங்கிய பொருளுக்கு இருபது நாள்தான். பில் வந்ததிலிருந்து குறைந்தது இரண்டு வார அவகாசம் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. சம்பளம் வரும் தேதிக்கும் இந்தக் கடைசி நாளுக்கும் பொருந்தவில்லை என்றால், பில் சுழற்சியை ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளும் வசதியை வங்கி தரவேண்டும். பலருக்கு இது தெரியாது.

இந்த வட்டியில்லாக் காலம் ஒரு நிபந்தனையோடுதான் வருகிறது. பில் தொகை முழுவதையும், ஒரு ரூபாய் குறையாமல், கடைசி நாளுக்குள் கட்டியிருக்க வேண்டும். குறைத்துக் கட்டினால் அந்தக் காலம் ரத்தாகிவிடும். இதை முக்கிய விதிமுறைகளில் உதாரணத்தோடு விளக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. ஆனால் ரத்து என்றால் என்ன ஆகும் என்பது கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும்.

ஒரு பள்ளி ஆசிரியை. ஜூன் 15 அன்று 30,000 ரூபாய்க்கு ஃப்ரிட்ஜ் வாங்குகிறார். ஜூலை 5 அன்று 10,000 ரூபாய்க்குத் துணிமணி. பழைய பாக்கி எதுவும் இல்லை. ஜூலை 10 பில்லில் மொத்தம் 40,000, குறைந்தபட்சத் தொகை ஐந்து சதவீதம், அதாவது 2,000. ஜூலை 20 அன்று அம்மாவின் மருத்துவச் செலவுக்கு 6,000 ரூபாயைக் கார்டிலேயே கொடுக்கிறார். ஜூலை 30 அன்று கையில் இருந்த 35,000 ரூபாயைக் கட்டிவிடுகிறார். பாக்கி ஐயாயிரம்தான், பத்துப் பன்னிரண்டு நாளில் கட்டிவிடலாம், வட்டி ஐம்பது அறுபது ரூபாய் வரும் என்று நினைக்கிறார்.

வட்டி மாதம் மூன்றரை சதவீதம், வருடத்துக்கு 42. தொகையை நாள்களால் பெருக்கி, வருட விகிதத்தால் பெருக்கி, 365ஆல் வகுப்பதுதான் முறை. ஆகஸ்ட் 10 பில்லில் வங்கி போடும் கணக்கு இது: ஃப்ரிட்ஜ் வாங்கிய ஜூன் 15 முதல் ஜூலை 30 வரை 30,000 ரூபாய் 45 நாள் கடனாக இருந்தது, வட்டி 1,553 ரூபாய். துணி வாங்கிய 10,000 ரூபாய் 25 நாள் இருந்தது, வட்டி 288. ஜூலை 30க்குப் பிறகு மிஞ்சிய 5,000 ரூபாய் 11 நாள், வட்டி 63. வட்டியில்லாக் காலம் ரத்தானதால் புதிதாகச் செலவு செய்த மருத்துவத் தொகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி: 6,000 ரூபாய்க்கு 21 நாள், 145. கூட்டினால் 2,049 ரூபாய். கிரெடிட் கார்டு வட்டிக்கு ஜிஎஸ்டி உண்டு என்பதால் இன்னொரு 369. மொத்தம் 2,418.

ஆசிரியை எதிர்பார்த்த அறுபது ரூபாயும் இந்தக் கணக்குக்குள் இருக்கிறது. ஆனால் அதைச் சுற்றி அவர் எதிர்பார்க்காத இரண்டாயிரம் இருக்கிறது. அவர் கட்டிவிட்ட 35,000 ரூபாய்க்கும், கட்டிய நாள் வரைக்குமான வட்டி பின்தேதியிட்டு வந்துவிட்டது. அந்த ஐயாயிரத்தை யாரிடமாவது கைமாற்று வாங்கிக் கட்டியிருந்தால் வட்டி ஒரு ரூபாய்கூட வந்திருக்காது.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். கட்டிய தொகையையும் கடைக்காரர் திருப்பித் தந்த தொகையையும் கழித்துவிட்டு, நிலுவைக்கு மட்டுமே வட்டி போடவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நிலை. ஆனால் நிலுவை என்பதை நாள்தோறும் நின்ற தொகை என்று எடுத்துக்கொண்டால் மேலே போட்ட கணக்கு வரும். கடைசி நாளுக்குப் பிறகு மிஞ்சிய 5,000 மட்டுமே என்று எடுத்துக்கொண்டு, அதற்கு ஜூலை 5 முதல் ஆகஸ்ட் 10 வரை 36 நாளுக்கு வட்டி போட்டால் 207 ரூபாய்தான். மருத்துவச் செலவின் 145ஐச் சேர்த்து, ஜிஎஸ்டியும் சேர்த்தால் 415 ரூபாயில் முடிந்துவிடும். 2,418 எங்கே, 415 எங்கே! உங்கள் வங்கி எந்த முறையில் போடுகிறது என்பது முக்கிய விதிமுறைகளில் உள்ள உதாரணத்தில் தெரியும். அந்த உதாரணத்தை ஒரு முறை பேனாவும் தாளும் வைத்துப் போட்டுப் பாருங்கள். பிறகு வட்டி வந்த பில்லை அதே முறையில் சரிபாருங்கள். தன் உதாரணத்துக்கு மாறாக வங்கி வட்டி போட்டிருந்தால், எழுத்தில் புகார் கொடுக்க அதைவிட வலுவான ஆதாரம் வேறு தேவையில்லை.

ஆசிரியையின் கதை ஆகஸ்ட் 10 உடன் முடியவில்லை. அந்தப் பில் முழுவதையும் அவர் ஆகஸ்ட் 30 அன்று கட்டிவிடுகிறார். கணக்கு தீர்ந்தது என்று நினைக்கும்போது செப்டம்பர் பில்லில் இன்னும் ஒரு 250 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் வருகின்றன. அது பிழை இல்லை. ஆகஸ்ட் 10 முதல் 30 வரை 11,000 ரூபாய் அசல் நிலுவையில் நின்றதற்கான வட்டி. பில் அச்சாகும் நாளுக்கும் நாம் கட்டும் நாளுக்கும் இடையில் ஓடிய வட்டி அடுத்த பில்லில்தான் தெரியும். இந்தச் சிறு தொகையைக் கவனிக்காமல் விட்டவர்கள்தான் பின்னால் தாமதக் கட்டணமும் கட்டி, சிபில் மதிப்பெண்ணையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

கணக்கில் நம் பக்கம் ஒரு நல்ல விதியும் இருக்கிறது. கட்டாமல் விட்ட கட்டணங்கள், ஜிஎஸ்டி போன்ற வரிகள் ஆகியவற்றை அசலோடு சேர்த்து அவற்றின்மேல் வட்டி போடக்கூடாது. 2022 அக்டோபர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ஆசிரியையின் 369 ரூபாய் ஜிஎஸ்டிக்கு அடுத்த மாதம் வட்டி வந்திருந்தால் அதை எதிர்த்துக் கேட்கலாம்.

குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போகலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 40,000 ரூபாய் ஒரு மாதம் முழுக்க நிலுவையில் நின்றால் வட்டி 1,400, ஜிஎஸ்டி 252. நீங்கள் கட்டும் 2,000 ரூபாயில் இவை போக அசலுக்குச் சேருவது 348 ரூபாய். மாதக் கட்டணத்தைக் கட்டியும் அசல் கூடிக்கொண்டே போகும்படி குறைந்தபட்சத் தொகையை வைக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்கிறது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் மாதங்களுக்கும் வருடங்களுக்கும் நீளும் என்ற எச்சரிக்கையையும் ஒவ்வொரு பில்லிலும் அச்சிடச் சொல்கிறது. எச்சரிக்கை அச்சாகத்தான் செய்கிறது. ஆனால் கட்டணம் செலுத்தும் செயலியைத் திறந்தால் முழுத்தொகைக்குப் பக்கத்திலேயே குறைந்தபட்சத் தொகையும் ஒரு தேர்வாக நிற்கிறது. அதைத் தொடுவது எவ்வளவு சுலபமோ அவ்வளவு ஆபத்து.

வட்டிக்கு உச்சவரம்பு இல்லையா என்று பலர் கேட்பார்கள். வருடத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆகவே இன்று மாதம் மூன்றரை, மூன்றே முக்கால் சதவீதம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், விகிதம் அதிகம் என்ற ஒரே காரணத்தைக் காட்டி அதிலிருந்து தப்ப முடியாது. இந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஒப்பந்தத்தைப் படிக்கும் பொறுப்பு நம் தலையில் இன்னும் கனமாக விழுந்திருக்கிறது.

தாமதக் கட்டணம்

வட்டியையும் தாமதக் கட்டணத்தையும் பலர் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள். குறைந்தபட்சத் தொகையைக்கூட கடைசி நாளுக்குள் கட்டாதபோது விதிக்கப்படுவதுதான் தாமதக் கட்டணம். நம் ஆசிரியை 35,000 கட்டியதால் அவருக்கு அது வராது. வட்டி மட்டுமே வரும். அவர் ஒன்றுமே கட்டாமல் இருந்திருந்தால் இரண்டும் வந்திருக்கும்.

கட்டணம் படிப்படியாக ஏறும். நிலுவை ஐநூறுக்குள் இருந்தால் ஒரு தொகை, ஐயாயிரம் வரை வேறு தொகை, அதற்கு மேல் இன்னொன்று என்று அட்டவணை இருக்கும். பெரிய நிலுவைக்கு ஆயிரம் ரூபாயையும் தாண்டலாம். எந்தப் படி என்பதைத் தீர்மானிக்க, கடைசி நாளுக்குப் பிறகு மிஞ்சியிருக்கும் நிலுவையைத்தான் எடுக்க வேண்டும், பில்லின் மொத்தத் தொகையை எடுக்கக்கூடாது.

மூன்று நாள் சலுகை ஒன்றும் இருக்கிறது. கடைசி நாள் முடிந்து மூன்று நாளுக்கு மேல் ஆன பிறகே தாமதக் கட்டணம் போடலாம், சிபில் போன்ற நிறுவனங்களுக்குத் தவணை தவறியதாகத் தகவல் அனுப்பலாம். ஜூலை 30 கடைசி நாள் என்றால் ஆகஸ்ட் 2க்குள் பணம் போய்ச் சேர்ந்தால் இவை இரண்டும் கூடாது. ஆனால் ஆகஸ்ட் 3 ஆகிவிட்டால் தாமத நாள்களை ஜூலை 30இலிருந்தே எண்ணுவார்கள். வட்டிக்கு இந்தச் சலுகையை விதி சொல்லவில்லை என்பதை மறக்கக்கூடாது. மூன்று நாளை அவகாசமாக எண்ணித் திட்டமிடுவது தவறு. வங்கிகளுக்கு இடையில் பணம் போய்ச் சேரத் தாமதமானாலோ, செயலி அன்றைக்கு வேலை செய்யாமல் போனாலோ காப்பாற்றும் ஏற்பாடாகத்தான் அதைப் பார்க்க வேண்டும்.

பில்லை எதிர்த்துக் கேட்கும் உரிமை

தகராறுகள் மூன்று வகை. மூன்றுக்கும் வழி வேறு. எந்த வகை என்று தெரியாமல் புகார் கொடுப்பதால்தான் பலருக்குக் காலம் வீணாகிறது.

முதலாவது, வங்கி போட்ட பில்லிலேயே பிழை. தவறான வட்டி, கேட்காத காப்பீட்டுக்குக் கட்டணம், இரண்டு முறை பதிவான செலவு. நாம் எதிர்த்துக் கேட்டால் வங்கி விளக்கம் தரவேண்டும். தேவையானால் ஆவண ஆதாரமும் தரவேண்டும். புகார் கொடுத்த நாளிலிருந்து அதிகபட்சம் 30 நாள் அவகாசம். வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசுவது போதாது. மின்னஞ்சலில் எழுதி, புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். 'இந்தத் தேதிக்குள் எதிர்ப்பு வராவிட்டால் பில்லை ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும்' என்ற வரி ஒப்பந்தங்களில் இருக்கும். உங்கள் கார்டில் அது எத்தனை நாள் என்று பார்த்துக் குறித்து வையுங்கள்.

இரண்டாவது, கடைக்காரரோடு வரும் தகராறு. பொருள் வரவில்லை, உடைந்து வந்தது, ரத்து செய்த டிக்கெட்டுக்குப் பணம் திரும்பவில்லை. இதற்கு வங்கிகள் 'சார்ஜ்பேக்' என்கிறார்கள். நம் வங்கி, கார்டு வலையமைப்பின் வழியாகக் கடைக்காரரின் வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கேட்கும். கடைக்காரர் தன் ஆதாரத்தைக் காட்டி மறுக்கலாம். ஆகவே முதலில் கடைக்காரரிடம் எழுத்தில் கேட்டு, அவர் தந்த பதிலையோ மௌனத்தையோ ஆதாரமாக வைத்திருப்பது அவசியம். ஆர்டர் ரசீது, ரத்து செய்ததற்கான மின்னஞ்சல், உடைந்த பொருளின் படம் ஆகியவை கையில் இருக்கட்டும். இடையில் வங்கி கணக்கில் தற்காலிகமாகப் பணத்தை வரவு வைக்கலாம். வழக்கு கடைக்காரர் பக்கம் முடிந்தால் அந்த வரவு திரும்ப எடுக்கப்படும். விசாரணை முடியும்வரை அந்தத் தொகையைக் கட்டவேண்டுமா வேண்டாமா என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் கட்டிவிடுவதே பாதுகாப்பு என்பேன். கட்டிய பணம் திரும்ப வரும். நின்றுபோன வட்டியில்லாக் காலமும் கெட்டுப்போன சிபில் பதிவும் அவ்வளவு சுலபமாகத் திரும்பாது.

மூன்றாவது, நாம் செய்யாத செலவு. மோசடி. இதில் சட்டம் வாடிக்கையாளர் பக்கம் நன்றாகவே நிற்கிறது. ஆனால் நாம் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் நிற்கிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, தவறு வங்கியுடையதாக இருந்தால் நமக்கு இழப்பு எதுவும் இல்லை. வங்கி மீதும் நம் மீதும் தவறு இல்லாமல் இடையில் எங்கோ தகவல் கசிந்திருந்தால், வங்கியின் குறுஞ்செய்தி வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் அப்போதும் இழப்பு இல்லை. செய்தி வந்த நாள் இந்தக் கணக்கில் சேராது. நான்கு முதல் ஏழு வேலை நாளுக்குள் சொன்னால், கடன் வரம்பு ஐந்து லட்சம் வரை உள்ள கார்டில் நம் இழப்பு அதிகபட்சம் 10,000 ரூபாய், அதற்கு மேல் வரம்புள்ள கார்டில் 25,000. ஏழு நாளையும் தாண்டினால் வங்கியின் கொள்கைப்படி முடிவாகும்.

ஓ.டி.பி.யையோ பின் எண்ணையோ நாமே யாரிடமாவது சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஆன இழப்பு முழுதும் நம்முடையது. தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியுடையது. ஏமாந்துவிட்டோமே என்று வெட்கப்பட்டு ஒரு மணி நேரம் தயங்கினால்கூட அந்த ஒரு மணி நேரத்துக்கான இழப்பு நம் தலையில்தான். முதலில் கார்டை முடக்குங்கள், வங்கிக்குச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள், பிறகு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

சொன்ன பத்து வேலை நாளுக்குள் அந்தத் தொகையை வங்கி நம் கணக்கில் வரவு வைக்க வேண்டும். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். அதுவரை அந்தத் தொகைக்காக வட்டிச் சுமை நம்மேல் விழக்கூடாது, மோசடி என்று எதிர்த்த செலவுக்குக் கட்டணம் எதுவும் போடக்கூடாது. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியுடையதுதான். 'ஓ.டி.பி. பதிவாகியிருக்கிறது, ஆகவே நீங்கள்தான் செய்திருக்கிறீர்கள்' என்று ஒரு வரிப் பதில் வந்தால் அதோடு சோர்ந்துவிடாதீர்கள். எந்த எண்ணுக்கு ஓ.டி.பி. போனது, எந்தக் கடையில், எத்தனை மணிக்கு என்ற விவரங்களைக் கேளுங்கள்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலும், தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை. cms.rbi.org.in என்ற தளத்தில் புகாரைப் பதியலாம். 14448 என்ற எண்ணில் விளக்கம் கேட்கலாம். வங்கிக்கு முதலில் எழுதிய புகாரின் நகல் இல்லாமல் போனால் அங்கே நிராகரிக்கப்படும். தொலைபேசியில் மட்டும் பேசிவிட்டு வந்தவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு கார்டே வேண்டாம் என்று முடிவு செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூடச் சொல்லும் முன் கடைசிப் பில்லுக்குப் பிறகு ஓடிய வட்டி எதுவும் மிஞ்சியிருக்கிறதா என்று கேட்டுக் கட்டிவிடுங்கள். அந்த இருநூறு முந்நூறு ரூபாய் பாக்கிக்காகக் கணக்கு மூடப்படாமல் நின்றுவிடும். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் வங்கி ஏழு வேலை நாளுக்குள் மூடவேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வீதம் வங்கி உங்களுக்குத் தரவேண்டும்.